தாளைத் தாண்டாதது தீங்கற்றதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில், 'ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். ஆகவே மூன்று கதிர்களில் தீங்கற்றது அதுவே' என்று படித்தேன். முதல் பாதி உண்மை. அதிலிருந்து பெற்ற முடிவு பொய்.

தாங்கள் அறியாததல்ல. பொலோனியம்-210 உமிழும் ஆல்ஃபாத் துகள் சுமார் 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் கிளம்பி, காற்றில் 4 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. அவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் அயனி இணைகளை உண்டாக்கி, ஆற்றல் முழுவதையும் இழந்துவிடுவதே அதற்குக் காரணம். உடலுக்கு வெளியே இருந்தால் தோலின் இறந்த மேலடுக்கே அதைத் தடுத்துவிடும். அதை உமிழும் பொருள் மூச்சிலோ உணவிலோ உள்ளே சென்றுவிட்டாலோ, அதே ஆற்றல் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குத் தொலைவுக்குள் உயிருள்ள செல்களின் மீது இறங்கும். 2006-இல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி லிட்வினென்கோவைக் கொன்றது தங்கள் பக்கம் நற்சான்று வழங்கியுள்ள இந்தக் கதிர்தான்.

கதிர்வீச்சு அளவிடும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், கருவியின் முனையிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே மேசையைச் சோதித்து, மாசு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மூடியைக் கழற்றி, மேசையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்ததும் கருவி படபடவென்று எண்ணத் தொடங்கியது. ஆல்ஃபாவை அந்த மூடி மறைத்திருந்தது; மேசை சுத்தமாக இருக்கவில்லை.

முன்பொரு முறை 'காரீயம் காமாவை நிறுத்திவிடும்' என்று எழுதியபோதும் மறுத்து எழுதினேன். அந்தக் கடிதத்துக்குத் தங்கள் இதழில் இடம் கிடைக்கவில்லை, ராசிபலனுக்குக் கிடைத்தது. கோபால்ட்-60-இன் காமாக் கதிரைச் சுமார் 1.2 சென்டிமீட்டர் காரீயம் பாதியாக்கும், அடுத்த 1.2 சென்டிமீட்டர் மீதியைப் பாதியாக்கும்; குறைந்துகொண்டே போகுமே தவிர, இங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது.

சென்ற ஞாயிறு கட்டுரையோடு வந்த படமோ கட்டுரையையும் மிஞ்சிவிட்டது. அதில், காந்தப்புலத்தில் ஆல்ஃபாவும் பீட்டாவும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே அளவு வளைகின்றன. பக்கங்கள் சரி, காமா நேராகச் செல்வதும் சரி. ஆனால் 1 டெஸ்லா புலத்தில், மேற்சொன்ன ஆல்ஃபாவின் வட்டப்பாதை ஆரம் சுமார் 33 சென்டிமீட்டர். 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் பீட்டாவுக்கு அது அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மின்னூட்டம் இரட்டிப்பாக இருந்தும், எலக்ட்ரானைப் போல் 7,300 மடங்கு நிறை இருப்பதால் ஆல்ஃபாவைத் திருப்புவது கடினம். காற்றிலோ அது நிற்பதற்குள் மூன்று மில்லிமீட்டர்கூட விலகாது. தொடக்கத்தில் அது வளையவே வளையாது என்று நம்பப்பட்டு, 1903-இல் ரூதர்ஃபோர்டு வலிய புலத்தைக் கொண்டு வளைத்துக் காட்டும்படி ஆயிற்று. தங்கள் ஓவியருக்கு அந்தச் சிரமம் எதுவும் இருக்கவில்லை.

ஆல்ஃபாவின் வளைவைச் சிறிதாகவும் பீட்டாவின் வளைவைப் பெரிதாகவும் திருத்தி, 'தீங்கற்றது' என்பதற்கு முன் 'உடலுக்கு வெளியே இருக்கும் வரை' என்று சேர்த்து, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செம்பூர், மும்பை