அண்ணாவுக்கு, ஏழாம் பக்கத்தைப் பற்றி

அண்ணா,

நாளன்னிக்கு அப்பாவின் தலை திவசம். அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நம் காமிக்ஸின் ஏழாம் பக்கத்தை நான் வரைந்தபடியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், அதனால்தான் கேட்கவில்லை.

அந்த ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நகலை விரித்துப் போட்டு, வசனம் இல்லாத கட்டங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து எடுத்தாய். மிச்சத்தை ஒட்டிவிட்டு, "இப்போ பாரு, கதையில ஒண்ணும் குறையலை" என்றாய். ஒரே கட்டம், அதில் அம்மாவும் டாக்டரும், தலைக்கு மேலே மூன்று பலூன். "அவருக்கு எப்படி இருக்கு?" "எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம்." "அப்படின்னா?"

கதை குறையவில்லைதான். ஆனால் அந்தக் கட்டத்தில் அம்மாவுக்கு எந்த முகத்தை வரைவது? மூன்று பலூனைப் படிக்கப் பத்து நொடியாவது ஆகும், முகம் ஒன்றுதான். கண் எழுத்துக்குப் போகும் முன்பே படத்தைப் பார்த்துவிடும். கடைசிப் பலூனுக்குரிய முகத்தை வரைந்தால், பதில் தெரிந்த முகத்தோடு அம்மா கேள்வி கேட்பாள். முதல் பலூனுக்குரியதை வரைந்தால், பதிலைக் கேட்ட பிறகும் அதே நம்பிக்கையோடு நிற்பாள். இரண்டுமே பொய்.

அதனால் பிரித்தேன். முதல் கட்டத்தில் கேள்வி. அடுத்ததில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார், பலூன் இல்லை. மூன்றாவதில் டாக்டரே இல்லை, அம்மாவின் முதுகு மட்டும். அவர் பதில் கட்டத்தின் மேல் ஓரத்தில் வருகிறது, பலூனின் வால் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. அம்மாவின் முகத்தை எட்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். ஏழு வலப்பக்கம் இல்லையா, தாளைப் புரட்டினால்தான் தெரியும். எதிர்ப்பக்கமாக இருந்திருந்தால், முதல் வரியைப் படிக்கும்போதே கடைக்கண்ணில் பட்டிருக்கும். "அப்படின்னா?" வேண்டியிருக்கவில்லை. உன் வசனத்தில் கை வைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

காமிக்ஸ் ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீனை உனக்குப் பலமுறை காட்டியிருக்கிறேன், நீ படத்தைப் பார்த்தாயே தவிர கட்டங்களைப் பார்க்கவில்லை. 1955-ல் இ.சி. காமிக்ஸ் 'மாஸ்டர் ரேஸ்' கதையை 6 பக்கத்துக்கென்று அவரிடம் கொடுத்தது. அங்கே வசனத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் படம் வரையும் அட்டையை ஓவியரிடம் தருவார்கள். அவர் 12 பக்கம் கேட்டார், 8 கிடைத்தது. எழுதியிருந்த அட்டையையே வெட்டி, வசனங்களைத் தள்ளித் தள்ளி ஒட்டி, நடுவில் புதுக் கட்டங்களுக்கு இடம் பிடித்தார். முடிவில் பழைய நாஜி முகாம் தலைவன் ரயில் முன்னால் விழுவது ஒரு நொடிச் சமாச்சாரம். அதை ஒல்லியான உயரக் கட்டங்களாக நறுக்கிவிட்டார். நீ கத்தரித்து எடுத்தாய், அவர் கத்தரித்துச் சேர்த்தார்.

நீ சொன்னதில் ஒன்று சரி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வசனமில்லாத கட்டத்தைக் கண் சட்டென்று தாண்டிவிடும். ஒரே படத்தை நாலு முறை போட்டால் நேரம் நீளாது, படபடவென்று ஓடிவிடும். நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு ஏதாவது வேலை வேண்டும். கண்ணாடி கழற்றும் கட்டத்தில் பின்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பாதி தெரிகிறார். அடுத்ததில் அவர் போய்விட்டார். அந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவே வெள்ளை இடைவெளியை மற்றதைவிட இரண்டு மடங்காக்கினேன். அகலம் கூடினால் இத்தனை நொடி என்று கணக்கெல்லாம் கிடையாது. மற்ற இடைவெளிகள் ஒரே அளவில் இருந்தால்தான் அது கண்ணில் படும், எல்லாவற்றையும் அகலமாக்கினால் பக்கம் காலியாகத் தெரியும், அவ்வளவுதான்.

வராண்டாவில் அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். சித்தப்பா வீட்டில் எல்லாரும் படிப்பார்கள்.

ஆனால் ஒன்று. நீ அங்கே நின்றாய், அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாய், அத்தனையும் தனியாகப் பார்த்துக்கொண்டாய். அதனால் சீக்கிரம் கடந்துபோகத் தோன்றுகிறது உனக்கு. எனக்கோ போனில் ஒரு வரி சொன்னாய். பஸ்ஸில் மீதி ராத்திரி முழுக்க அந்த ஒரு வரிதான். எனக்குக் கிடைக்காத நேரத்தை வரைந்து எடுத்துக்கொண்டால், "இடம் வீணாகுது" என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது?

ப்ரூஃபைத் திவசத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். எட்டாம் பக்கத்து முகம் அம்மாவைப் போல இல்லையென்றால் சொல், அதை மாற்றுகிறேன். அந்த முகத்தைப் பார்த்தவன் நீதான்.