புகார்: ஈசல் உதிர்ந்த அன்றே சொன்னேன், யாரும் கேட்கவில்லை

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் போனில் பேசியது ஏழு தடவை. எட்டாவதாகப் பேசத் தெம்பில்லாததால் எழுதுகிறேன். உங்களிடம் பூச்சி ஒழிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், நாலு மாதத்துக்கு ஒரு சர்வீஸ், மொத்தம் மூன்று. மூன்றும் நடந்துவிட்டதாக உங்கள் பதிவில் இருக்கிறதாம். வீட்டின் கதவு நிலை கரையான் தின்று உள்ளே கூடாக நிற்கிறது.

முதல் மழை பெய்த மறுநாள் சாயங்காலம் ஹால் முழுக்க ஈசல். வெளியிலிருந்து விளக்குக்கு வந்தவை என்றால் நானும் விட்டிருப்பேன். இவை கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கிலிருந்து வரிசையாக வெளியே வந்தன, கண்ணால் பார்த்தேன். காலையில் ஜன்னலடியில் சிறகுகள் குவிந்து கிடந்தன. நாலு சிறகும் ஒரே நீளம். எறும்பாக இருந்தால் முன் சிறகு நீளமாக இருக்கும், இடுப்பும் ஒடுங்கி இருக்கும். இதை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர் சொன்ன பதில்: "மழைக்கு ஈசல் வரத்தான் செய்யும் சார், லைட்டை அணைச்சுட்டுப் படுங்க." நான் மறுபடி விளக்கியபோது "நீங்க டெக்னீஷியனா, நான் டெக்னீஷியனா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து ஈசல் கிளம்பினால் சுவருக்குள்ளோ அடியில் மண்ணிலோ வளர்ந்த கரையான் கூடு இருக்கிறது என்று அர்த்தம். இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதா?

அப்புறம் ஒருவர் வந்தார், அதுவும் நான் அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்து, சொன்ன நேரத்துக்கு நாலு மணி நேரம் கழித்து. வந்தவர் செத்துக் கிடந்த ஈசல் மேல் ஸ்ப்ரே அடித்துவிட்டுக் கையெழுத்து கேட்டார். பறந்து வந்தவற்றைக் கொன்றால் கூட்டுக்கு என்ன ஆகும்? சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் ஒரு அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்தை ஊற்றி அடைத்திருக்க வேண்டும், துளை போடும் மெஷினையே அவர் கொண்டுவரவில்லை. நிலையின் பின்னால் கரையான் கட்டியிருந்த மண் கோட்டில் ஒரு விரல் நீளம் நானே உடைத்து வைத்தேன். மூன்றாம் நாள் அது ஈர மண்ணால் மறுபடி மூடியிருந்தது. உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, கோடையில் மட்டும் ஒழுங்காகச் செய்தீர்களா? வெயில் ஏறினால் கரப்பான் பூச்சி வேகமாகப் பெருகும். சமையலறைக் கீல்களில் ஜெல் வைத்தார்கள், நல்லது. அடுத்து வந்தவர் அதே ஜெல் மேலேயே ஸ்ப்ரே அடித்தார். ஸ்ப்ரே வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தின்னாது. முட்டைப்பைக்குள்ளும் ஸ்ப்ரே போகாது, அதனால் சில வாரத்தில் குஞ்சுகள் வந்துவிட்டன. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அடுத்த சர்வீஸ் நாலு மாதம் கழித்துத்தான்.

குளிர் காலத்தில் எலி கதகதப்பு தேடி உள்ளே வரும். நீங்கள் ஓட்டைகளை அடைக்காமல் பரணில் விஷம் வைத்தீர்கள், அது பரணுக்குள்ளேயே செத்து இரண்டு வாரம் நாறியது. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். குழாய் நுழையும் இடங்களில் கம்பி நாரைத் திணித்துப் பூசியது கடைசியில் நான்தான்.

நான் கேட்பது அதிகமில்லை, சர்வீஸ் தேதிகளைக் காலண்டரில் எண்ணாமல் பருவத்தைப் பார்த்து வையுங்கள். வெயில் தொடங்கும்போது ஜெல், மூன்று வாரத்தில் மறுபார்வை. மழைக்கு ஒரு மாதம் முன்னால் கதவு நிலை, குளியலறைச் சுவர், அலமாரிப் பின்பக்கம் எல்லாம் தட்டிப் பார்த்துக் கரையான் சோதனை. குளிர் வருவதற்கு முன் ஓட்டை அடைப்பு. மழை நாளில் வாரம் ஒரு தடவை தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், கொசுவுக்காக உங்களைக் கூப்பிட மாட்டேன்.

தயவுசெய்து பத்து நாளுக்குள் துளை போட்டுச் செய்யும் கரையான் சிகிச்சைக்கு ஆள் அனுப்புங்கள், நிலையை மாற்றும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். என் வீடே போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆள் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். சிறகு, மண் கோடு போட்டோக்கள், ஏழு அழைப்புகளின் தேதி நேரம் எல்லாம் வைத்திருக்கிறேன். அனுப்பும் ஆள் அந்த "டெக்னீஷியன்" ஆக மட்டும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டு ஒப்பந்த வாடிக்கையாளர்