அம்மன் கோயில் ஆழ்துளைக் கிணறு: திருப்பணி நிறைவு அறிக்கை

வரிதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொடைக்கு லாரித் தண்ணீர் வாங்கிய நிலை இனி இல்லை. போர் முடிந்து, மோட்டார் இறக்கி, தண்ணீர் தொட்டியில் விழுகிறது. தலைக்கட்டுக்கு 800 ரூபாய் என்று சொல்லிவிட்டு, பிறகு 200 ரூபாய் கூடுதலாக ஏன் கேட்டோம் என்பதை விளக்க வேண்டியது எங்கள் கடமை.

முதலில் 400 அடி என்று கணக்குப் போட்டோம். நம்ம நாங்குநேரிப் பக்கம் அடியில் முழுக்கப் பாறை. 280 அடியில் வெள்ளைப் புழுதி ஈரமாகிச் சேறாக வந்தது, ஆனால் அது வெறும் கசிவுதான். 400 அடியில் நிறுத்தியிருந்தால் அரை மணி நேரத்தில் போர் வற்றிவிடும். அதனால் மேலும் இறக்கச் சொன்னோம். 24ஆவது ராடு பாதி இறங்கியபோது, 470 அடியில், கம்ப்ரசர் காற்றோடு தண்ணீர் பீறிட்டு வண்டிக்கு மேலே அடித்தது. மண் படிய இடம் வேண்டும் என்பதற்காக 520 அடி வரை போட்டு நிறுத்தினோம்.

ஒரு ராடு 20 அடி. ஒவ்வொன்று இறங்கும்போதும் மதிலில் கரியால் கோடு போட்டு வந்தோம். மொத்தம் 26 கோடு. வண்டிக்காரர் சொன்ன ஆழமும் அதுவே.

ஆழம் கூடக் கூட அடி ரேட்டும் கூடும். முதல் 300 அடிக்கு 90 ரூபாய், அடுத்த 100 அடிக்கு 100, அதற்கடுத்த 100 அடிக்கு 110, கடைசி 20 அடிக்கு 120. மொத்தம் 50,400 ரூபாய். 400 அடியோடு முடிந்திருந்தால் 37,000தான்.

கேசிங் பைப்பை 40 அடி என்று எண்ணியிருந்தோம். அங்கே சுக்கான் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பைப்போடு விட்டால் மண் சரிந்து மோட்டார் மாட்டிக்கொள்ளும், அப்புறம் எடுக்கவே முடியாது. மூன்றாவது பைப்பையும் இறக்கி, கெட்டிப் பாறையில் உட்கார வைத்தோம். 60 அடிக்கு 400 ரூபாய் வீதம் 24,000. இதில் கூடுதல் 8,000.

ஆழம் மோட்டார் செலவிலும் வந்து நிற்கும். 360 அடியில் தொங்கவிட நினைத்ததை 460 அடியில் தொங்கவிட்டோம். ஊற்று கீழே இருப்பதால் வரும் தண்ணீர் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு மேலேறும், சூடாகாது. ஓஸும் கேபிளும் 100 அடி கூடியதில் 6,700 ரூபாய். 3 எச்.பி. மோட்டார், ஸ்டார்ட்டர், ஓஸ், கேபிள், கயிறு, கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 70,000.

ஆக மொத்தச் செலவு 1,44,400. முதல் மதிப்பீட்டைவிட 28,100 அதிகம். 145 தலைக்கட்டு வரி 1,45,000. மீதி 600 ரூபாய் கோயில் கணக்கில் இருக்கிறது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

மோட்டாரை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். குழாயில் தண்ணீர் விட்டு விட்டோ காற்றோடோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்