நீ அனுப்பிய நான்கு வரிகள்

தம்பி,

நேற்று இரவு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். "இதை அப்படியே அவளுக்கு அனுப்பிவிடலாமா அம்மா?" என்று கேட்டிருந்தாய். அனுப்பாதே. ஆசை நியாயமானதுதான். ஆனால் நீ எழுதியிருக்கும் நான்கு வரிகளில் மூன்று, நீ நினைக்காத வேலையைச் செய்துவிடும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐந்து வாரமாகப் பழகுகிறீர்கள். அவளுடைய ஷிப்ட் இடம் கொடுத்தால் வாரத்தில் இரண்டு முறை பார்க்கிறீர்கள். இனி வேறு யாரையும் பார்க்காமல், இருவரும் ஒருவரோடு ஒருவர் மட்டும் பழகலாமா என்று கேட்க நினைக்கிறாய். ஐந்து வாரத்தில் இதைக் கேட்பது அவசரம் இல்லை. டொராண்டோவில் செயலி வழியாகச் சந்திக்கிறவர்கள், வாய்விட்டுப் பேசிக்கொள்ளும்வரை வேறு சிலரோடும் பேசிக்கொண்டிருப்பது சாதாரணம் என்று நீயே சொன்னாய். அப்படியானால் அவள் சொல்லாமல் இருப்பது மறைப்பது ஆகாது. நீ கேட்காமல் இருப்பதைப் பொறுமை என்று அவள் எடுத்துக்கொள்வாள் என்றும் இல்லை. உனக்கு இதில் அத்தனை அக்கறை இல்லை என்றுகூட நினைக்கலாம். குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகராக உட்கார்ந்து நான் கேட்கும் மனத்தாங்கல்களில் பல, யாரும் யாரிடமும் கேட்டு வாங்காத வாக்குறுதி உடைந்துபோனதைப் பற்றியவை.

ஆனால் ஏன் இப்போது கேட்கத் தோன்றியது என்பதை முதலில் உனக்குள் பார். செயலியில் அவள் பெயருக்குக் கீழே "இன்று வந்திருந்தார்" என்று காட்டியதைப் பார்த்த பிறகு உனக்குத் தூக்கம் வரவில்லை என்றாய். அதைப் பார்க்க நீயும் உள்ளே போயிருக்க வேண்டுமே, தம்பி! அந்தப் பதற்றத்தோடு கேட்டால் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் விசாரணை போலத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் போகட்டும். அப்போதும் அவளோடு மட்டும் பழக வேண்டும் என்று தோன்றினால் கேள். அவள் வேறு யாரையாவது பார்க்கிறாளா என்ற பயம்தான் மிச்சம் இருக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் பொறு.

இப்போது அந்த வரிகளுக்கு வருகிறேன்.

முதல் வரி, "நாம் இரண்டு பேரும் இப்போது என்ன நிலையில் இருக்கிறோம்?" இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்லவே இல்லை. நீ மறைந்து நின்றுகொண்டு, அவளை முதலில் வெளியே வரச் சொல்கிறாய். அவள் பதில் சொல்வதற்கு முன் உனக்கு எந்தப் பதில் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள்.

இரண்டாவது, "நான் செயலியை அழித்துவிட்டேன், நீ இன்னும் வைத்திருக்கிறாயா?" உனக்குத் தேவையில்லை என்றால் தாராளமாக அழி. ஆனால் அதைச் சொல்லிக் கேட்பது, மொய் எழுதிய மறுநாளே நோட்டை எடுத்துக்கொண்டு போய் "என் வீட்டு விசேஷத்துக்கு எப்போது செய்வீர்கள்?" என்று நிற்பது மாதிரி. அவள் கேட்காத ஒன்றைச் செய்துவிட்டு அவளைக் கடன்காரியாக்குகிறாய். நல்ல பிள்ளைகள் செய்கிற நெருக்கடி பெரும்பாலும் இந்த வகைதான். கத்த மாட்டார்கள், மிரட்ட மாட்டார்கள். விட்டுக்கொடுத்ததை எடுத்துச் சொல்வார்கள்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. "வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள், அதனால் சீக்கிரம் தெரிந்தால் நல்லது." என்னையும் அப்பாவையும் அவள் எதிரே கொண்டுபோய் நிறுத்துகிறாய். ஐந்து வாரப் பழக்கத்தில் இருப்பவளிடம் கல்யாண அவசரத்தைக் காட்டினால், நீ கேட்ட சின்னக் கேள்வி காணாமல் போய், கேட்காத பெரிய கேள்விக்கு அவள் பயப்படுவாள். இன்னொன்றையும் யோசித்துப் பார். உன் ஜாதகம் இங்கே தரகரிடம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, வேறு யாரையும் பார்க்காதே என்று அவளிடம் எந்த முகத்தோடு கேட்பாய்? அவளுக்குச் செயலி என்றால் உனக்குத் தரகர். ஆகவே முதலில் இங்கே நிறுத்த வேண்டும். நேற்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஜாதகம் திரும்பி வந்துவிடும். அவர் முகம் சுளித்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் இப்படி ஒரு பேச்சு இருந்தது என்பதை அவளிடம் மறைக்கவும் வேண்டாம். பேச்சு அந்தப் பக்கம் வரும்போது, நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல். அதைக் கேள்விக்கு நெம்புகோலாக வைக்காதே, அவ்வளவுதான்.

நான்காவது வரி, "உன்னோடு இருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது." இதைக் கடைசியில் போட்டுப் புதைத்திருக்கிறாய். இது முதலில் வரவேண்டியது.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "உன்னோடு இருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நான் இப்போது வேறு யாரையும் சந்திப்பதில்லை, சந்திக்கவும் விருப்பமில்லை. உனக்கு இதைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. இன்றே சொல்ல வேண்டும் என்றில்லை." நீங்கள் பேசும் ஆங்கிலத்தில் உன் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள். வரிசையை மட்டும் மாற்றாதே. உன்னைப் பற்றி முதலில், பிறகு அவளிடம் கேள்வி, பிறகு அவகாசம். பிறகு வாயை மூடிக்கொள். உன் சுபாவம் எனக்குத் தெரியும். நான்கு விநாடி அமைதி வந்தால் "பரவாயில்லை, சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்து மழுப்புவாய். அப்படிச் செய்தால் நீ கேட்டாயா, கேட்கவில்லையா என்று அவளுக்கே குழப்பமாகிவிடும்.

இதை நேரில் பேசு. செய்தியாக அனுப்பினால், நீலக் குறி விழுந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேருக்கும் தண்டனை. ஆனால் எழுந்து போக முடியாத இடத்தில் அவளை உட்கார வைத்துக் கேட்காதே. நீ கார் ஓட்டி அவளை வீட்டில் விடும்போது வேண்டாம், தீவுக்குப் போகிற படகில் வேண்டாம், இரவு உன் அறையில் வேண்டாம். மது குடித்திருக்கும்போதும், நெருக்கமாக இருந்த உடனேயும் வேண்டாம். அப்போது வாங்கும் சம்மதத்தை மறுநாள் அவளாலேயே நம்ப முடியாது. பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடித்து வருகிற நர்ஸ் அவள். அந்தக் காலையில் அவளுக்குத் தேவை தூக்கம். அவளுடைய விடுமுறை நாளில் ஏரிக்கரையில் நடக்கும்போது கேள். பக்கத்தில் ஸ்ட்ரீட்கார் நிறுத்தம் இருக்கட்டும், சங்கடமாக இருந்தால் அவள் கிளம்பிவிடலாம். நடக்கும்போது முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதும் ஒரு சௌகரியம்.

அவள் சரி என்றால் துள்ளிக் குதி. ஆனால் எதற்குச் சரி சொன்னாள் என்று அன்றோ, அடுத்த சந்திப்பிலோ பேசிக்கொள். கணக்கை நிறுத்தி வைப்பதா, அழிப்பதா? அடுத்த வாரம் யாரையோ காபிக்குச் சந்திப்பதாக அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தால் அதை எப்படி விலக்குவாள்? நண்பர்களிடம் உன்னைக் காதலன் என்று அறிமுகப்படுத்துவாளா? வேறு யாரையும் பார்க்க மாட்டேன் என்பதற்குச் சம்மதித்தவள் இதற்கும் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. கல்யாணத்துக்கு நிச்சயமாக இல்லை. அம்மா எழுதுகிறாளே என்று கூசாமல் இதையும் படி: இருவர் மட்டும் என்று ஆனதும் பலர் முதலில் ஆணுறையைத்தான் கைவிடுகிறார்கள். அதற்கு முன் இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி.க்கு நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் வழக்கமான சோதனைகூட, தொற்று ஏற்பட்டு 18 முதல் 45 நாட்களுக்குப் பிறகுதான் காட்டும். போன வாரம் வந்த நல்ல முடிவு போன வாரத்துச் சந்திப்புகளுக்குப் பதில் சொல்லாது. அவளுக்கு இது உன்னைவிட நன்றாகத் தெரியும். பேச்சை ஆரம்பிக்க வேண்டியவன் மட்டும் நீ.

யோசிக்க வேண்டும் என்று அவள் சொன்னால், "சரி, இதை எப்போது மறுபடி பேசலாம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். எந்த நாள் என்று அவளே குறிக்கட்டும். அதுவரை போன வாரம் எப்படி இருந்தாயோ அப்படியே இரு. பூங்கொத்து கூடவும் வேண்டாம், பதில் போடும் வேகம் குறையவும் வேண்டாம். இரண்டுமே பேசாமல் கொடுக்கிற நெருக்கடி. அவள் குறித்த நாள் தாண்டிப் போனால் ஒருமுறை நினைவுபடுத்து. அப்போதும் பேச்சு வேறு பக்கம் திரும்பினால் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்.

இப்போது இருப்பதே போதும், மற்றவர்களையும் பார்க்க விரும்புகிறேன் என்று சொன்னால் அவளிடம் வாதாடாதே. முடிவு இனி உன்னுடையது. அப்படி இருப்பது உனக்கு ஒத்துவராது என்றால், "எனக்கு இது முடியாது, நான் விலகிக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். அதில் தவறில்லை. ஆனால் நிஜமாக விலகப் போகிறாய் என்றால் மட்டும் சொல். அவள் மனம் மாறுவதற்காகச் சொல்லிவிட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து நின்றால் அது மிரட்டலாகிவிடும், அதுவும் பலிக்காத மிரட்டல்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. உன் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு அவள் சரி என்று சொல்லிவிடலாம். நாள் முழுக்க நோயாளிகளைச் சமாதானப்படுத்துகிறவளுக்கு அது கைவந்த வேலை. அப்படி வந்த சம்மதம் சில நாளில் தெரிந்துவிடும். செய்திகள் சுருங்கும், சந்திப்புகள் தள்ளிப்போகும், "நீதானே கேட்டாய்" என்ற தொனி எட்டிப் பார்க்கும். அப்படித் தெரிந்தால் குற்றம் சாட்டாமல், "அன்றைக்கு உன்னை அவசரப்படுத்திவிட்டேனா? மாற்றிச் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது" என்று ஒருமுறை கேள். கோபம் வராது என்பது உண்மையாக இருந்தால் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு. என்ன ஆயிற்று என்று நான் கேட்க மாட்டேன். அப்பா கேட்பார், அவரிடம் ஆபீஸ் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிரு. போன தடவை அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்று மட்டும் சொல், அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பையன் அங்கே வருகிறான்.

அம்மா