கோயில்காட்டு மரங்களை 10 செ.மீ. சுற்றளவிலிருந்து எண்ணுங்கள்

காவிரி டெல்டா ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கு வணக்கம்.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் ஊர் ஐயனார் கோயில்காட்டைச் சேர்க்கும்போது, தயவுசெய்து 30 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்களோடு நின்றுவிடாதீர்கள். உயரமான மலைக்காடுகளுக்கு அந்த அளவு பொருந்தும். கோடியக்கரையில் இருப்பது போன்ற நம் கடலோர உலர் பசுமைமாறாக் காட்டில் மரங்கள் குட்டை, தண்டும் மெலிசு. காசான் மரம் முதிர்ந்தாலும் பெரிதாகப் பருப்பதில்லை. 30 செ.மீ. என்று வைத்தால் காசானில் பெரும்பகுதி பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். அரசு, ஆல், வேம்பு மட்டும் மிஞ்சும். பதிவேட்டைப் படிப்பவர் இதைச் சாதாரணக் கோயில் தோப்பு என்றுதான் நினைப்பார்.

காட்டை 20க்கு 20 மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரியுங்கள். ஓர் ஏக்கருக்குப் பத்துக் கட்டம்தான் வரும். இவ்வளவு சின்னக் காட்டில் மாதிரிக் கட்டம் பொறுக்க வேண்டாம், எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி, 10 செ.மீ. முதல் எல்லாத் தண்டையும் எழுதுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், சுண்ணாம்புக் குறி போதும்.

வெட்டுப்பட்டுத் தழைத்த மரங்களில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. ஒரே தூரிலிருந்து 12, 14, 16, 20 செ.மீ. சுற்றளவில் நான்கு தண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டி 62 என்று எழுதினால், தண்டின் குறுக்குப் பரப்பு 306 சதுர செ.மீ. வரும். உண்மையில் ஒவ்வொரு சுற்றளவையும் தன்னோடு பெருக்கி, கூட்டி, 12.57ஆல் வகுக்க வேண்டும். அப்போது 79தான். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம்! மரம் ஒன்று, தண்டு நான்கு என்று தனித்தனியாகக் குறித்துவிட்டால் பிறகு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அப்புறம் கன்றுகள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் 5க்கு 5 மீட்டரில் 10 செ.மீ.க்குக் குறைந்தவற்றை இனவாரியாக எண்ணுங்கள். பெரிய வீரை மரங்கள் நின்று, அடியில் ஒரு வீரைக் கன்றும் இல்லையென்றால் காரணம் தேடுங்கள். ஆடு மேய்கிறதா, திருப்பணிக்காக அடிப்புதரைச் செதுக்கினார்களா, தாய்மரத்துக்கு இணைமரமே இல்லையா? வீரையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. சின்னக் காட்டில் ஒரு பால் மட்டும் மிஞ்சினால் காய்ப்பு நின்றுபோகும்.

பாதுகாப்பு மதிப்பு எழுதும் பத்தியில் மொத்த இன எண்ணிக்கையை மட்டும் போடாதீர்கள். நட்ட தேக்கு, தென்னை, நெட்டிலிங்கத்தைத் தனி வரிசையில் வையுங்கள். தானாய் முளைத்து நிற்கும் வீரை, காசான், பாலை, குருந்து எத்தனை, அவற்றில் எவற்றுக்குக் கன்று உண்டு என்று எழுதுங்கள். இருபது இனம் கொண்ட நட்ட தோப்பைவிட, எட்டே இனமானாலும் கன்றோடு நிற்கும் காடு எனக்குப் பெரிது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான கோயில்காட்டை 2025இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். பரப்பு சிறிது என்று நாம் தயங்க வேண்டியதில்லை.

கும்பாபிஷேகத் தேதி குறித்திருக்கும் ஊர்களில், துப்புரவு தொடங்கும் முன்பே பூசாரியிடமும் நாட்டாண்மையிடமும் பேசி இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
டெல்டாவின் தாவரவியல் ஆசிரியர் ஒருவர்