ஆகஸ்ட் செய்திமடலில் நேர்ந்த பிழைகள் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை மாலை பள்ளியிலிருந்து உங்களுக்கு வந்த மின்னஞ்சலின் சப்ஜெக்ட் வரியில் 'ஜூலை மாதச் செய்திமடல்: சீருடை வழங்கும் நாள்' என்று இருந்தது. உள்ளே இருந்ததோ ஆகஸ்ட் மாதச் செய்திகள். சீருடைதான் வாங்கியாயிற்றே என்று பலர் அதைத் திறக்கவே இல்லை. திறந்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்வதற்கான சம்மதப் படிவத்தைத் தட்டினால், ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு போன வண்டலூர் உயிரியல் பூங்காவின் படிவம் வந்து நின்றது. பெற்றோர் ஆசிரியர் கூட்டம் மேலே ஓரிடத்தில் 14-ஆம் தேதி என்றும், கீழே மறுபடியும் 21-ஆம் தேதி என்றும் இருந்தது.

கூட்டம் 21-ஆம் தேதி சனிக்கிழமை காலை 10 மணிக்கு. 14-ஆம் தேதி வர வேண்டாம். வண்டலூர்ப் படிவத்தை நிரப்பி அனுப்பிய எட்டாம் வகுப்புப் பெற்றோர் 23 பேரும் அருள்கூர்ந்து புதிய படிவத்தை ஒருமுறை நிரப்ப வேண்டும். பழைய படிவத்தை நாங்கள் மூடாமல் விட்டதால்தான் அது உங்கள் பதில்களைப் பேசாமல் வாங்கிக்கொண்டது. இப்போது மூடிவிட்டோம்.

எப்படி நடந்தது என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு மாதமும் போன மாத மடலை நகலெடுத்து, அதன் மேல்தான் புதிய செய்திகளை எழுதுகிறோம். சப்ஜெக்ட் வரி மடலுக்குள் இல்லாமல் தனிப் பெட்டியில் இருப்பதால், உள்ளடக்கத்தை மூன்று பேர் படித்தும் யார் கண்ணிலும் அது படவில்லை. படிவத்தின் கதை வேறு. 'கோளரங்கப் பயணம், சம்மதப் படிவம்' என்று எழுத்தை மாற்றிவிட்டோம். எழுத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் முகவரி தானாக மாறுவதில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூட்டத்தின் தேதி முதலில் 14 என்று முடிவாகி, பிறகு 21 ஆனது. திருத்திய பத்தியைக் கீழே ஒட்டியவர் மேலே இருந்த பழையதை நீக்க மறந்துவிட்டார். ஒரு செய்தி இரண்டு முறை வந்தால் சலிப்போடு போய்விடும். இரண்டும் வேறு வேறு சொன்னால் எதை நம்புவது?

இந்த மாதத்திலிருந்து, மடலை எழுதியவர் அதைச் சரிபார்க்க மாட்டார். எழுதியவர் கண்ணுக்கு, தான் எழுத நினைத்ததுதான் தெரியும். அலுவலகத்தில் வேறொருவர் தன் சொந்தக் கைப்பேசியில் சோதனை மடலைப் பெற்று, சப்ஜெக்டைப் படித்துவிட்டு, உள்ளே அதே செய்தி இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் தட்டி, திறக்கும் பக்கத்தின் தலைப்பை உரக்கப் படிப்பார். பக்கம் திறந்தாலே போதும் என்று விடக் கூடாது. வண்டலூர்ப் படிவமும் அழகாகத்தான் திறந்தது.

சொந்தக் கைப்பேசி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பேருந்து நேர அட்டவணையைக் கூகுள் டிரைவில் வைத்து, மடலில் அதன் இணைப்பைக் கொடுத்திருந்தோம். பள்ளிக் கணக்கில் நுழைந்திருக்கும் எங்களுக்கு அது உடனே திறக்கும். உங்களில் சிலருக்கோ 'You need access' என்று வந்தது. பகிர்வு அமைப்பு 'Restricted' என்றே இருந்திருக்கிறது. அதை 'Anyone with the link' என்று மாற்றினால்தான் வெளியாருக்குத் திறக்கும். மாணவர் பெயர்கள் உள்ள கோப்பை அப்படித் திறந்துவிட முடியாது என்பதால், அத்தகையவை இனி மடலில் இணைப்பாக வரவே வராது.

சோதனையிலும் ஒரு வேடிக்கை. ஒரே சப்ஜெக்டில் சோதனை மடலை மூன்று நான்கு முறை அனுப்பினால், ஜிமெயில் அவற்றை ஒரே கொத்தாகச் சேர்த்து, முந்தைய மடலில் வந்த வரிகளை மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் மறைத்துவிடும். இரண்டு முறை வந்த பத்தி அதில் ஒளிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஆகவே பழைய சோதனை மடல்களை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை அனுப்புகிறோம்.

சப்ஜெக்ட் வரியை இனிக் கடைசியாகத்தான் எழுதுவோம். பள்ளியின் பெயரும் 'மாதச் செய்திமடல்' என்ற சொல்லுமே கைப்பேசித் திரையின் இடத்தை அடைத்துக்கொள்வதால், நீங்கள் செய்ய வேண்டியது எதுவோ அது முன்னால் வரும். இன்று மாலை வரும் மடலின் சப்ஜெக்ட்: 'கூட்டம் 21-ஆம் தேதி, கோளரங்கப் படிவம் (திருத்தம்)'. படிவத்தைப் புதன்கிழமைக்குள் நிரப்பி அனுப்புங்கள். திறக்காவிட்டால், வரும் திரையைப் படம் பிடித்து வகுப்பாசிரியருக்கு அனுப்பினால் போதும். கைப்பேசி இல்லாத வீடுகளுக்குத் தாள் படிவம் பிள்ளைகளிடம் நாளை கொடுத்தனுப்பப்படும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்