காபி குடிச்சா தண்ணி வத்துமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க வெயில் கால டிப்ஸ்ல "காபி உடம்புல இருக்குற தண்ணிய உறிஞ்சிடும், குடிச்சா கூட ஒரு டம்ளர் தண்ணி குடிங்க"ன்னு போட்டிருந்தீங்க. இது பழைய கதைங்க. 1928-ல வெறும் மூணு பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கொஞ்ச நாள் காபி டீ தொடாம இருந்துட்டு திடீர்னு கஃபீன் எடுத்தா சிறுநீர் அதிகமா போகுதுன்னு அதுல தெரிஞ்சது. ஆனா தினமும் எடுத்தா அந்த எஃபெக்ட் குறைஞ்சிடும்னும் அதே ஆராய்ச்சில இருக்கு, அத மட்டும் எல்லாரும் வசதியா மறந்துட்டாங்க.

2014-ல பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டில காபி பழக்கம் உள்ள 50 ஆம்பளைங்கள மூணு நாள் தினம் நாலு கப், கப்புக்கு 200 மில்லி காபி குடிக்க வச்சாங்க, அப்புறம் அதே அளவு தண்ணி குடிக்க வச்சு பாத்தாங்க, உடம்போட மொத்த நீர் அளவுலயும் சரி, சிறுநீர் அளவுலயும் சரி, பெருசா வித்தியாசமே இல்ல. காரணம் சிம்பிள், கஃபீன் சிறுநீர லேசா கூட்டினாலும் கப்புல இருக்குறது முக்கால்வாசிக்கு மேல தண்ணிதானே! அதனால 150 மில்லி டம்ளர் காபி குடிச்சா அத அன்னைக்கு குடிச்ச தண்ணி கணக்குல அப்படியே சேத்துக்கலாம்.

காபி பழக்கமே இல்லாதவங்க ஒரே மூச்சுல 500 மில்லிகிராம் கஃபீன், அதாவது ஸ்ட்ராங் காபி நாலஞ்சு கப்பு ஏத்துனா கொஞ்ச நேரத்துக்கு பாத்ரூம் பக்கம் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அடுத்த தடவ டிப்ஸ் போடும்போது இத திருத்திடுங்க.

இப்படிக்கு,
ஒரு காபி பிரியர், கும்பகோணம்